பாதி வழியில் மங்கும் விண்டோ

லேப்டாப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மானிட்டரையும் வைத்து வேலை பார்ப்பவர்களிடம் இரண்டு புகார்களை அடிக்கடி கேட்கலாம். லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த விண்டோவை மானிட்டருக்கு இழுத்ததும் எழுத்தெல்லாம் மசமசவென்று ஆகிவிடுகிறது என்பது ஒன்று. இழுத்ததும் விண்டோ பூதாகரமாகி, ‘சேவ்’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது என்பது மற்றொன்று. முதல் புகார்க்காரர் மானிட்டரைச் சந்தேகித்துக் கேபிளை மாற்றுவார். இரண்டாமவர் கிராபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவார். பெரும்பாலும் இரண்டு பேருக்கும் பலன் இருக்காது.

காரணம், இரண்டு கோளாறுகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. விண்டோ பெரிதாகிவிடாமல் தடுக்க விண்டோஸ் செய்யும் வேலைதான் மங்கலை உண்டாக்குகிறது. அந்த வேலையைச் செய்யாதே என்று நிறுத்தினால் மங்கல் போகும், விண்டோ பெரிதாகும். பழைய மென்பொருள்களைப் பொறுத்தவரை பல சமயம் இந்த இரண்டில் எது வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலிருந்தும் தப்பும் வழிகளும் உண்டு. அவை எல்லா மென்பொருளுக்கும் பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, திரைக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு சாதாரண மேஜையை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல லேப்டாப், 24 அங்குல மானிட்டர். இரண்டிலும் பிக்சல்களின் எண்ணிக்கை ஒன்றுதான்: குறுக்கே 1920, நெடுக்கே 1080. ஆனால் சின்னத் திரையில் அந்தப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஓர் அங்குலத்துக்குச் சுமார் 157. பெரிய மானிட்டரில் அங்குலத்துக்கு 92தான். ஆகவே 12 பிக்சல் உயரமுள்ள ஓர் எழுத்து மானிட்டரில் வசதியாகப் படிக்கும்படி இருக்கும். லேப்டாப்பில் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும். இதைச் சரிசெய்யத்தான் ஸ்கேலிங். லேப்டாப்புக்கு 150 சதவீதம் என்று வைத்தால், எல்லாவற்றையும் ஒன்றரை மடங்குப் பிக்சல்களில் வரை என்று பொருள். மானிட்டருக்கு 100 சதவீதமே போதும். இந்த ஏற்பாட்டில் தவறு எதுவும் இல்லை. விண்டோஸும் தானாகவே ஏறக்குறைய இப்படித்தான் வைக்கும்.

சிக்கல் விண்டோ ஒன்று எல்லையைத் தாண்டும்போது வருகிறது. 150 சதவீதத்துக்கு என்று வரையப்பட்டது, 100 சதவீத நாட்டுக்குள் நுழைகிறது. இப்போது அதை மறுபடி வரைய வேண்டும். யார் வரைவது?

கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் பெரிதாக இருந்தால், புள்ளிகளை அகல வைத்து அதே கோலத்தைப் புதிதாகப் போடலாம். கோடு கூர்மையாக இருக்கும். அல்லது போட்ட கோலத்தைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி விரிக்கலாம். கோடு தடித்து, ஓரம் மங்கும். புதிதாகப் போடுவது அந்த மென்பொருளுக்கு மட்டுமே தெரிந்த வேலை. எந்த எழுத்து எங்கே, எந்தப் பொத்தான் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதனிடம்தான் இருக்கிறது. விண்டோஸால் செய்ய முடிந்தது, வரைந்து முடித்த படத்தை எடுத்து நீட்டுவது அல்லது சுருக்குவது மட்டும்.

ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தொடங்கும்போதே தன் திறமையை விண்டோஸிடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மிகப் பழையவை எதுவும் சொல்லாது. உலகத்தில் 100 சதவீதம் மட்டுமே உண்டு என்று நம்பி வரையும். விண்டோஸ் இவற்றை ‘Unaware’ என்று குறித்துக்கொள்ளும். அடுத்த வகை, ஒரே ஓர் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வரையும். நீங்கள் கணினியில் சைன் இன் செய்தபோது எது முதன்மைத் திரையோ, அதன் ஸ்கேலிங்தான் அந்த அளவு. பிறகு நீங்கள் எந்தத் திரைக்கு இழுத்தாலும் அது கண்டுகொள்ளாது. இதன் பெயர் ‘System’. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது. விண்டோ புதிய திரைக்குப் போனதும் விண்டோஸ் செய்தி அனுப்பும்; மென்பொருள் உடனே தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். இது ‘Per-Monitor’. திரைக்குத் திரை வேறு ஸ்கேலிங் வைக்கும் வசதி 2013இல் விண்டோஸ் 8.1 உடன்தான் வந்தது. அதன் குறைகளைச் சரிசெய்து, டயலாக் பெட்டிகள், தலைப்புப் பட்டை முதலியவற்றையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும் இரண்டாம் பதிப்பு 2017இல் விண்டோஸ் 10இல் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள் உங்கள் அலுவலகத்தில் எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் புகார் ஏன் இன்னும் ஓயவில்லை என்பது தெரிந்துவிடும்.

எந்த மென்பொருள் எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதில்லை. Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘Details’ பகுதிக்குப் போய், மேலே இருக்கும் பத்தித் தலைப்புகளில் ஒன்றின் மேல் ரைட் க்ளிக் செய்து, ‘Select columns’ என்பதில் ‘DPI awareness’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே அதன் வகை வந்து நிற்கும். சாதாரணப் பயனாளருக்கு இதைவிட உதவியான ஒரு கருவி இந்த விஷயத்தில் இல்லை. ஆனால் இதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அதற்கும் முன்னால், வந்திருப்பது இந்த நோய்தானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. மானிட்டரில் எல்லாமே மங்கலாக இருக்கிறதா, ஒரு மென்பொருள் மட்டுமா? கீழே டாஸ்க்பாரில் ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள். அதுவும் மங்கல் என்றால் விண்டோவை இழுத்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் மானிட்டரின் இயல்பான ரிசல்யூஷன் ஒன்றாக இருக்க, அமைப்பில் வேறொன்று வைக்கப்பட்டிருக்கும். ‘Settings’ உள்ளே ‘System’, அதனுள் ‘Display’ போய், அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, ‘Recommended’ என்று குறிக்கப்பட்ட ரிசல்யூஷனையே வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பதற்காக ரிசல்யூஷனைக் குறைத்து வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது திரை முழுவதையும் மங்கலாக்கும் வழி. எழுத்து பெரிதாக வேண்டுமானால் தொட வேண்டியது ஸ்கேலிங்கை.

இன்னொரு சோதனையும் உண்டு. Windows விசை, Shift, S மூன்றையும் சேர்த்து அழுத்தி, மங்கிய விண்டோவும் கடிகாரமும் சேர்ந்து விழும்படி திரையைப் படம் பிடியுங்கள். அந்தப் படத்தை லேப்டாப்பில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். கடிகார எண்கள் கூர்மையாகவும் விண்டோவின் எழுத்துகள் மட்டும் ஓரங்களில் சாம்பல் பூத்தும் இருந்தால், அந்த மங்கல் மென்பொருளில் பிறந்தது. படத்தில் எல்லாம் கூர்மை, மானிட்டரில் மட்டும் மங்கல் என்றால் கேபிளையோ மானிட்டரின் சொந்த மெனுவையோ பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அங்கே உதவாது.

கோளாறே இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். இழுத்துக்கொண்டிருக்கும்போது விண்டோ இரண்டு திரைகளிலும் பாதிப் பாதியாக நிற்கும் அல்லவா? அந்தச் சமயம் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். ஒரு விண்டோவுக்கு ஒரு நேரத்தில் ஓர் அளவுதான் இருக்க முடியும் என்பதால் இப்படி. விண்டோவின் பெரும்பகுதி எல்லையைத் தாண்டியதும், சட்டென்று ஒரு துள்ளல், அளவு மாறிவிடும். இது எல்லா மென்பொருளுக்கும் பொதுவானது, இதற்கு மருந்து தேட வேண்டாம். துள்ளல் எரிச்சலூட்டினால் மவுஸால் இழுப்பதையே விட்டுவிட்டு, Windows, Shift விசைகளோடு வலது அல்லது இடது அம்புக்குறியைத் தட்டுங்கள். விண்டோ ஒரே தாவலில் பக்கத்துத் திரைக்குப் போய்விடும்.

இப்போது நம் மேஜையில் ஒரு பழைய கணக்கு மென்பொருளை ஓட்டிப் பார்ப்போம். டாஸ்க் மேனேஜரில் இது ‘System’ வகை என்று காட்டுகிறது. முதன்மைத் திரை லேப்டாப், 150 சதவீதம். மென்பொருளின் விண்டோ 100 சதவீதத்தில் குறுக்கே 800, நெடுக்கே 600 பிக்சல் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. லேப்டாப்பில் அது ஒன்றரை மடங்காகி 1200க்கு 900 ஆக வரையப்படுகிறது. 157ஆல் வகுத்தால் அகலம் ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல். எழுத்துகள் கூர்மை.

மானிட்டருக்கு இழுக்கிறோம். மென்பொருள் தொடர்ந்து 1200க்கு 900 ஆகவே வரைகிறது, அதற்கு வேறெதுவும் தெரியாது. விண்டோஸ் குறுக்கிட்டு அந்தப் படத்தை 800க்கு 600 ஆகச் சுருக்குகிறது. மூன்று பிக்சல் இருந்த இடத்தில் இரண்டு. ஒரே ஒரு பிக்சல் அகலத்தில் இருந்த கோட்டுக்கு இப்போது ஒரு பிக்சலில் மூன்றில் இரண்டு பங்குதான் உரிமை. பாதிப் பிக்சலைக் கறுப்பாக்க முடியாது என்பதால் முழுப் பிக்சலையும் சாம்பலாக்கிச் சமாளிக்கிறது. நாம் மங்கல் என்று சொல்வது இந்தச் சாம்பலைத்தான். தமிழ் எழுத்துகளில் இது ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் கண்ணை உறுத்தும். ண, ன, ணை என்று சுழிகள் நெருங்கி வரும் எழுத்துகளில் சுழிகளுக்கு இடையே இருக்கும் வெள்ளை இடம் ஒன்றிரண்டு பிக்சல்தான். அது சாம்பலாகிவிட்டால் சுழியை எண்ண முடியாது. மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும்.

ஆனால் அளவைப் பாருங்கள். மானிட்டரில் இந்த மங்கலான விண்டோவின் அகலம் 8.7 அங்குலம். லேப்டாப்பில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அளவைக் காப்பாற்றுவதற்காகவே விண்டோஸ் கூர்மையை விட்டுக்கொடுத்திருக்கிறது.

இனி வைத்தியம். மென்பொருளின் குறும்படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து ‘Properties’, அதில் ‘Compatibility’ பக்கம், அங்கே ‘Change high DPI settings’ பொத்தான். திறக்கும் பெட்டியின் கீழ்ப்பகுதியில் ‘Override high DPI scaling behavior’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கீழே மூன்று வாய்ப்புகள்: ‘Application’, ‘System’, ‘System (Enhanced)’. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கண்ணை மூடிக்கொண்டு ‘Application’ வையுங்கள் என்கின்றன. அதுதான் எப்போதும் சரி என்பது என் அனுபவத்தில் உண்மையில்லை.

‘Application’ என்றால், இந்த மென்பொருள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், நீ கை வைக்காதே என்று விண்டோஸுக்குச் சொல்கிறோம். நம் கணக்கு மென்பொருளுக்கு இதை வைத்து, மூடித் திறந்து, மானிட்டருக்கு இழுத்தால் எழுத்துகள் கத்தி போல இருக்கும். சுருக்கும் வேலை நின்றுவிட்டதால் மங்கல் இல்லை. ஆனால் விண்டோ அதே 1200க்கு 900 பிக்சலோடு நிற்கிறது, அதுவும் அங்குலத்துக்கு 92 பிக்சல் உள்ள திரையில். அகலம் 13 அங்குலம்! ஏழரை அங்குல விண்டோ கண்ணெதிரே 13 ஆகிவிட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த இரண்டாவது புகார் இதுதான். வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர் முன்பே மங்கலைப் போக்குவதற்காக இந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருப்பார். அதை மறந்துவிட்டு விண்டோ ஏன் பெரிதாகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பெரிதாகிறது என்ற புகார் வந்தால் முதலில் இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இதே ‘Application’ஐ மிகப் பழைய ‘Unaware’ மென்பொருளுக்கு வைத்தால் வேறு மாதிரி ஆகும். அதற்கு 100 சதவீதத்தில் வரைய மட்டுமே தெரியும். ஆகவே மானிட்டரில் சரியாக இருக்கும், லேப்டாப்பில் எழுத்துகள் மிகச் சிறியதாகிவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கு அது மங்கலைவிடக் கொடுமை.

‘System’ என்பதோ நேர் எதிர். உலகத்தில் 100 சதவீதம்தான் உண்டு என்று மென்பொருளை நம்பவைத்துவிட்டு, மற்றதை விண்டோஸே நீட்டிக்கொள்ளும். நம் மேஜையில் இதன் விளைவு சுவாரசியமானது. மென்பொருள் 800க்கு 600 ஆக வரையும். மானிட்டரின் ஸ்கேலிங் 100 சதவீதம்தானே, நீட்ட வேண்டிய தேவையே இல்லை. அங்கே கூர்மையும் சரி, அளவும் சரி. லேப்டாப்பில் மட்டும் நீட்டப்பட்டு மங்கும். அந்த மென்பொருளை எப்போதும் பெரிய திரையில்தான் வைத்திருப்பீர்கள் என்றால் இதுவே போதும், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

‘System (Enhanced)’ இந்த மூன்றில் புத்திசாலி. இதுவும் 100 சதவீதம் என்றே மென்பொருளை நம்பவைக்கிறது. ஆனால் நீட்டும்போது முடிந்த படத்தை நீட்டுவதில்லை. எழுத்துகளையும் கோடுகளையும் வரையச் சொல்லி மென்பொருள் விடுக்கும் கட்டளைகளை நடுவழியில் பிடித்து, பெரிய அளவில் நிறைவேற்றுகிறது. ஆகவே மானிட்டரில் இயல்பான கூர்மை, லேப்டாப்பில் எழுத்துகள் கூர்மை, அளவு இரண்டிலும் சரி. நம் கணக்கு மென்பொருளுக்கு முதலில் முயல வேண்டியது இதைத்தான் என்பேன். 2017இல் விண்டோஸ் 10இல் இது வந்தபோது, டிவைஸ் மேனேஜர் போன்ற தன் பழைய நிர்வாகக் கருவிகளுக்கே மைக்ரோசாஃப்ட் இதைப் பயன்படுத்தியது.

வரம்பும் இருக்கிறது. விண்டோஸின் பழைய வரைகலை முறையான ஜிடிஐ வழியாக வரையும் மென்பொருளில் மட்டுமே இது பலிக்கும். விளையாட்டுகள், வீடியோ, முப்பரிமாண வரைபடம் போன்றவை வேறு வழியில் வரைகின்றன. அவற்றில் ஒன்றும் நடக்காது. குறும்படங்கள் ஏற்கெனவே படங்களாகவே இருப்பதால் அவை மங்கலாகவே நிற்கும். சில மென்பொருள்களில் எழுத்து வெட்டுப்படும் அல்லது கோடுகள் விட்டுவிட்டு வரும். அப்படி வந்தால் தயங்காமல் ‘System’க்குத் திரும்பிவிடுங்கள்.

அதே பெட்டியின் மேல்பகுதியில் ‘Program DPI’ என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. காலையில் வீட்டில் லேப்டாப்பைத் தனியாகத் திறந்து, பிறகு அலுவலகத்தில் மானிட்டரோடு இணைப்பவர்களுக்காகவே அது. ‘System’ வகை மென்பொருள், சைன் இன் செய்த நேரத்து முதன்மைத் திரையின் அளவைப் பிடித்துக்கொள்ளும் என்று பார்த்தோம். லேப்டாப் மூடியை மூடித் திறப்பதையே கணினியை அணைத்துப் போடுவதாக நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அப்படிச் செய்தால் சைன் இன் நேரம் என்பது எப்போதோ நடந்ததாக இருக்கும். அலுவலகத்தில் மானிட்டரை முதன்மையாக மாற்றினாலும் மென்பொருள் 150 சதவீதத்திலேயே நிற்கும். இந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து ‘I open this program’ என்று வைத்தால், சைன் இன் நேரத்துக்குப் பதிலாக மென்பொருளைத் திறக்கும் நேரத்து முதன்மைத் திரையைப் பார்த்துக்கொள்ளும். மானிட்டரை இணைத்த பிறகு மென்பொருளை மூடித் திறந்தால் போதும். இது வேண்டாம் என்றால், இணைத்த பிறகு ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வருவதும் அதே பலனைத் தரும்.

முதன்மைத் திரை எது என்பதை ‘Display’ பக்கத்தில் மானிட்டரின் படத்தைத் தேர்ந்தெடுத்து, ‘Make this my main display’ என்ற கட்டத்தால் மாற்றலாம். பழைய மென்பொருள் பல இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெட்டி திறக்கச் சலிப்பாக இருந்தால், நீங்கள் அதிக நேரம் உற்றுப் பார்க்கும் திரையையே முதன்மையாக்கிவிட்டு ஒருமுறை சைன் அவுட் செய்து வாருங்கள். ‘System’ வகை எல்லாம் அங்கே கூர்மையாகிவிடும். மங்கல் குறைவாகப் பார்க்கும் திரைக்கு ஒதுங்கும்.

இந்தப் பெட்டியில் எதை மாற்றினாலும் மென்பொருளை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். கடிகாரத்தின் பக்கத்தில் குறும்படமாக ஒளிந்துகொண்டு ஓடும் மென்பொருள்கள், விண்டோவை மூடியதும் நின்றுவிட்டதாக நினைக்க வைக்கும், நிற்காது. இன்னொரு பொறி, நாம் க்ளிக் செய்யும் கோப்பு வேறு, உண்மையில் ஓடும் கோப்பு வேறாக இருப்பது. சில மென்பொருள்களைத் திறக்கும்போது ஒரு சின்னத் தொடக்க நிரல் ஓடி, அது உண்மையான நிரலை எழுப்பிவிட்டுப் போய்விடும். ஜாவாவில் எழுதப்பட்டவை பல `javaw.exe` என்ற கோப்பின் வழியாக ஓடும். தொடக்க நிரலுக்கு வைத்த அமைப்பு அடுத்ததைப் போய்ச் சேராது. மாற்றிப் பார்த்தும் துளி வித்தியாசம் இல்லை என்றால் மறுபடி டாஸ்க் மேனேஜருக்குப் போங்கள். ‘Details’ பட்டியலில் அந்த நிரலின் மேல் ரைட் க்ளிக் செய்து ‘Open file location’ கொடுத்தால் உண்மையான கோப்பு கிடைக்கும். அதன் ‘Properties’இல் வையுங்கள்.

எக்செல், வேர்ட் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு சாவி உள்ளே இருக்கிறது. ‘File’, ‘Options’, ‘General’ என்று போனால் ‘When using multiple displays’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு தேர்வுகள். ‘Optimize for best appearance’ வைத்தால் திரைக்குத் திரை புதிதாக வரைந்துகொள்ளும். ‘Optimize for compatibility’ வைத்தால் பழைய முறைக்குப் போய்விடும், மங்கல் வரலாம். இப்படி ஒரு பின்வாங்கும் வழி ஏன் என்றால், எக்செல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும் பழைய ஆட்-இன்கள் திரை மாறும்போது குழம்பிப்போய்த் தங்கள் பெட்டிகளைக் கோணல்மாணலாகக் காட்டும். கணக்காளர் அலுவலகங்களில் அப்படி ஓர் ஆட்-இன்னுக்காக யாராவது இதை மாற்றி வைத்திருப்பது உண்டு.

தொடக்கூடாத ஓர் இடமும் இருக்கிறது. ‘Display’ பக்கத்தில் ஸ்கேலிங்குக்குப் பக்கத்திலேயே ‘Custom scaling’ என்று 100 முதல் 500 வரை எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளும் வசதி உண்டு. 125க்கும் 150க்கும் நடுவே 135 வைத்தால் பொருத்தமாக இருக்குமே என்று ஆசை வரும். அந்த எண் ஒரு திரைக்கு மட்டும் போகாது, எல்லாத் திரைகளுக்கும் சேர்ந்து விழும். 135 என்ற விகிதத்தை ஒழுங்காக வரையத் தெரியாத மென்பொருள்களும் புதிதாக முளைக்கும். ஏற்கெனவே வைத்திருந்தால் அதை அழித்துவிட்டு, பட்டியலில் இருக்கும் எண்களில் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாகிப்போன விண்டோவின் தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போய், பிடித்து இழுக்கக்கூட வழியில்லாமல் மாட்டிக்கொண்டால், பதற வேண்டாம். விண்டோவை ஒருமுறை க்ளிக் செய்துவிட்டு Alt, Space அழுத்துங்கள். சின்ன மெனு வரும். அதில் M தட்டி, ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால், அதன்பின் மவுஸை அசைக்க அசைக்க விண்டோ கூடவே வரும். அளவை மாற்ற முடியாத டயலாக் பெட்டிகளிலும் இது வேலை செய்யும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மென்பொருள் மட்டும் படியவில்லை என்றால், கடைசி வழி இரண்டு திரைகளின் ஸ்கேலிங்கையும் ஒன்றாக்கிவிடுவது. ஸ்கேலிங் ஒன்றாக இருந்தால், எல்லையைத் தாண்டும்போது அளவு மாற்றமே இல்லை. விண்டோஸ் எதையும் நீட்டவோ சுருக்கவோ போவதில்லை. ஒன்றாக்கிய பிறகு ஒருமுறை சைன் அவுட் செய்து வந்தால் ‘System’ வகை மென்பொருளும் இரண்டு திரைகளிலும் கூர்மையாக இருக்கும். நம் மேஜையில் இரண்டுக்கும் 125 வைக்கலாம். லேப்டாப்பில் எழுத்து கொஞ்சம் சிறியது, மானிட்டரில் கொஞ்சம் பெரியது. பலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் ‘Unaware’ வகைக்கு இது உதவாது. அது 125இலும் நீட்டப்படத்தான் செய்யும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கும். அதற்கு ‘System (Enhanced)’ ஒன்றுதான் கதி.

எந்த அமைப்பையும் தொடாமல் இந்தத் தொல்லையைத் தவிர்க்க முடிகிற ஒரே சமயம், மானிட்டர் வாங்கும் சமயம். கடையில் எல்லாரும் அங்குலத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. 14 அங்குல லேப்டாப்பின் 157க்குப் பக்கத்தில் 24 அங்குலச் சாதாரண மானிட்டரின் 92 எப்போதும் ஒத்துப்போகாது. 27 அங்குலத்தில் 3840க்கு 2160 பிக்சல் உள்ள மானிட்டரை, அதாவது கடைக்காரர் 4கே என்று சொல்வதை, வாங்கினால் அங்குலத்துக்கு 163 பிக்சல் வருகிறது. இரண்டுக்கும் 150 சதவீதம் வைக்கலாம், விண்டோவை எந்தப் பக்கம் இழுத்தாலும் அளவும் கூர்மையும் மாறாது. விலை கூடுதல்தான். பழைய மென்பொருளை விட முடியாத, நாள் முழுக்க எண்களை உற்றுப் பார்க்கும் தொழிலில் இருப்பவர் அடுத்த மானிட்டரை இந்தக் கணக்குப் போட்டு வாங்குவது நல்லது.